சாம்பிராணி அக்காவுக்கு ஒரு மடல்

கொல்லிமலையில் மூக்கை மூடிக்கொண்டு குடியிருக்க முடியாது. பலாப்பழக் காலத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் பழம் அறுக்கிறார்கள் என்பதை ரோட்டில் நின்றே சொல்லிவிடலாம். கோடையில் முதல் மழை பெய்து காபிச் செடி பூத்துவிட்டால், ஊரே கல்யாண வீடுபோல மணக்கும். மிளகு காயும் களத்தைத் தும்மாமல் தாண்டிய ஆள் கிடையாது. மலையில் உள்ள பதினான்கு ஊராட்சிகளில் எங்கள் குண்டனி நாடும் ஒன்று. பெயரில்தான் நாடு, ராஜா கிடையாது, ரேஷன் கடை உண்டு. இங்கே பள்ளிக்கூடத்து டீச்சராக வந்த எனக்கு இந்த வாசனைகள் எல்லாம் பிடித்துப்போயின. ஆஸ்துமாக்காரியான என் எட்டு வயது மகளுக்கும் இவற்றால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பலாச்சுளையை மூச்சு விடாமல் தின்பாள். மூச்சு விட முடியாததால் அல்ல, தம்பி பிடுங்கிவிடுவான் என்பதால்.

அவளை மடக்கியது சாம்பிராணி.

நாங்கள் இருப்பது நாலு வீடு சேர்ந்த லைன் வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே போய், ‘இதற்கு மேல் உங்கள் பாடு’ என்று நின்றுவிடும். சுவர் முடிகிற இடத்துக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் இடையே ஒரு முழம் சந்து. காற்றோட்டத்துக்காக விட்டதாக வீட்டுக்காரர் சொல்வார். செங்கல் தீர்ந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு. இந்தச் சந்தின் புண்ணியத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது, சீரியலில் இன்று யார் யாரை அறைந்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு உடனுக்குடன் தெரியும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஏற்றும் சாம்பிராணி, அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் புறப்பட்டு, சந்து வழியே எங்கள் வீட்டைத் துளைத்து, அதற்கடுத்த வீட்டில் பீடி குடிக்கும் பெரியவரையே இரும வைத்துவிடும். ஓரிக்கு ஆடி மாதம் விழா எடுக்கிறோம். அக்காவுக்கும் எடுக்கலாம்.

அக்காவைக் குறை சொல்லவே முடியாது. ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், தங்கமான மனுஷி. பொரியல் செய்தால் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வந்துவிடும். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்கு சாம்பிராணி காட்டாத வீடு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அது காலை பதினொரு மணிக் கணக்கு. என் மகள் அப்போது பள்ளியில் ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு வைக்கும்போது இன்னொரு முறை. இது சாமிக்கும், கொசுவுக்கும், வீட்டில் அடிக்கும் பூஞ்சை நாற்றத்துக்கும் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மலையில் துணி காயாது. காயாத துணி, ஓதம் ஏறிய சுவர், மூடிய ஜன்னல் மூன்றும் சேர்ந்தால் எந்த வீடும் பழைய சாக்கு மாதிரி நாறும். அந்த நாற்றத்தை விரட்டத் தூபக்காலில் தணல் போட்டு, மேலே ஒரு கைப்பிடி பொடியைத் தூவுவார். கைப்பிடி என்று நான் சொல்வது மரியாதைக்கு.

அந்தப் புகை எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்துப் படித்தேன். தணலிலிருந்து சூடாகக் கிளம்புவதால் புகை நேராக மேலே போகிறது. மேலே ஷீட். பகலெல்லாம் சுட்ட ஷீட்தான், ஆனால் மலையில் பொழுது சாய்ந்தால் சீக்கிரம் சில்லிட்டுவிடும். புகை ஷீட்டின் அடியில் பரவி, சந்தைக் கண்டுபிடித்து, எங்கள் பக்கம் வந்து, குளிர்ந்து, மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்குகிற இடத்தில் சுவரை ஒட்டி என் மகளின் கட்டில். வெளியே பனி என்று ஜன்னலும் சாத்தியிருக்கும். வாத்தியார் வேலையில் வெப்பச் சலனத்துக்குப் படம் வரைந்தே காட்டிக்கொண்டிருந்தேன். செய்முறை வீட்டிலேயே கிடைத்தது.

முதலில் இருமல் வரும், அதுவும் வறட்டு இருமல். அரை மணி நேரத்தில் நெஞ்சில் விசில். அக்கா வீட்டுக் குக்கரா, என் மகளா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக் காது பழகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஊரே வைத்தியம் சொன்னது. ஆடாதொடைக் கஷாயம், தூதுவளை ரசம், தேனில் மிளகு. பேருந்து நடத்துநர் ஓமம் கட்டிக்கொடுத்தார். பம்ப் மட்டும் போடாதீர்கள், பழகிப்போகும் என்று அத்தனை பேரும் எச்சரித்தார்கள். எச்சரித்தவர்களில் இருவர் வாயில் புகையிலை இருந்தது.

மருத்துவர் சொன்னது வேறு. ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் எப்போதுமே லேசாகப் புண்பட்டு, உசுப்பினால் சண்டைக்கு வரும் நிலையில் இருக்கும். புகையோ காட்டமான வாசனையோ பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்சவ்வு வீங்கும், சளி சுரக்கும். ஏற்கெனவே குறுகலான வழி இன்னும் குறுகும். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் சிரமம், அந்த வெளியேறும் காற்றின் சத்தம்தான் விசில். தினமும் போடுகிற தடுப்பு பம்ப் உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். நீல நிற பம்ப் இறுகிய தசையை அப்போதைக்குத் தளர்த்தும். ஒன்று உரம், மற்றது தீயணைப்பு; ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட முடியாது. ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி, ஒரு அழுத்துக்கு ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டு அழுத்தை ஒன்றாகப் போட்டு அவசரப்பட்டால் மருந்து குடுவைச் சுவரில் ஒட்டிக்கொண்டு குழந்தைக்குப் போகாது. இதெல்லாம் அவர் சொல்லி முடித்து, கடைசியில் கேட்டார்: “எதனால் வருதுன்னு கண்டுபிடிச்சீங்களா?”

சாம்பிராணிதான் என்றேன். எப்படித் தெரியும் என்றார். வாசனை வந்தால் இருமல் வருகிறது என்றேன். “உங்க ஊர்ல சாயங்காலம் பனியும் வருது, அதோட விறகடுப்புப் புகையும் வருது. யார் பேர்ல கேஸ் எழுதறதுன்னு முடிவு பண்ணுங்க” என்று சொல்லி, பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கிப் பயன்படுத்தச் சொன்னார். பெரிய மூக்குப்பொடி டப்பா அளவில் ஒரு குழாய், பக்கத்தில் எண்கள், நகரும் ஒரு முள். நின்றுகொண்டு மூச்சை முழுக்க இழுத்து, ஒரே ஊதாகப் பலமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் என் மகள் தொட்ட அதிகபட்சம் 200. அதில் எண்பது சதவீதம், அதாவது 160-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 160-க்கும் 100-க்கும் இடையில் என்றால் எச்சரிக்கை, நீல பம்ப் எடுக்க வேண்டும். 100-க்குக் கீழே போனால் பம்ப்பைப் போட்டபடியே வண்டியைக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு வண்டி என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த எழுபதை நினைத்தே நான் கணக்கில் கறாராகிவிட்டேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்கு விடியற்காலையில் எண் தானாகவே இறங்கும், மதியத்துக்கு மேல் ஏறும். காலையில் 160, மாலையில் 190 என்று எழுதி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போனதால் குணமாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும் (என் மகள் நிச்சயம் ஒப்புக்கொள்ள மாட்டாள்). ஆகவே தினமும் மாலை ஐந்தரைக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் ஊதவைத்தேன். நோட்டில் மூன்று பத்தி: மணி, எண், அன்று என்ன நடந்தது. எதற்கும் முதலில் எங்கள் வீட்டையே சோதனை போட்டேன். கணவரின் பவுடர் டப்பா பறிமுதல் ஆனது. மாமியாரின் தைல பாட்டில் கேள்விக்குரிய பொருளாக அறிவிக்கப்பட்டு, பின் வாசலுக்கு மாற்றப்பட்டது. இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் மூன்று நாள் ரசம் புளித்தது.

ஒரு வாரம்போல எழுதியதில் பெரும்பாலான நாட்கள் ஐந்தரைக்கு 190, ஏழு மணிக்கு 150 என்று வந்தது. வெள்ளிக்கிழமை 140. பிறகு அக்கா குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு ராசிபுரம் போனார். அதே பனி, அதே விறகுப் புகை, அதே குளிர். ஏழு மணிக்கு 185, 190, 185. அவர் திரும்பி வந்த அன்று மாலையே 150. சாட்சியங்கள் முடிந்தன, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட வேண்டியதில்லை.

இனி அதைச் சொல்ல வேண்டும். இதுதான் கொல்லிமலை ஏறுவதைவிடக் கஷ்டம்.

நேரில் சொல்லப் போனேன். வாசலில் கால் வைத்ததும், “வாங்க டீச்சர், உக்காருங்க, காப்பி போடறனுங்” என்றார். காபி வந்தது. முறுக்கு வந்தது. பேத்தியும் என் மடிக்கு வந்து நனைத்தாள். சாம்பிராணி பற்றிப் பேச வாய் திறந்தபோது அவரே தூபக்காலைக் காட்டி, “இது சுத்தமான சரக்குங், கெமிக்கல் இல்லை. உங்க பாப்பாவுக்கு இருமலுக்குக்கூட நல்லதுங்” என்று சொல்லிவிட்டார். கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லுமாம். அக்கா சிரித்தே என் வாயை அடைத்தார்.

சுத்தமான சரக்கு என்கிற வாதத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். சாம்பிராணி மரப்பிசின்தான்; அசலாகவே இருக்கலாம். ஆனால் பிசின் தணலில் விழுந்த பிறகு அது பிசின் இல்லை, புகை. மூச்சுக்குழாய் முத்திரை பார்த்து விடுவதில்லை. நுண்துகள் கணக்கில் பார்த்தால் ஊதுபத்தி வகையறா சிகரெட்டையே முந்திவிடுகிறது. ஒரு கிராம் சிகரெட் எரிந்தால் சுமார் 10 மில்லிகிராம் துகள் வருகிறது. ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45-க்கு மேல் என்று 2008-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. பீடி குடிக்கும் பெரியவர் இருமியதில் ஆச்சரியமே இல்லை. அதோடு, என் மகளுக்கு இது ஒவ்வாமையும் அல்ல, எரிச்சல். ஒவ்வாமை என்றால் பூனை முடி போல ஒரு குறிப்பிட்ட பொருள்தான் ஆகாது. எரிச்சலுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எது காட்டமோ அது எதிரி. பிராண்டை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே எழுதியே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதிலும் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. முதல் நகலில் ‘அனுப்புநர், பெறுநர், பொருள்: சாம்பிராணி தொடர்பாக, பார்வை: தங்கள் தூபக்கால்’ என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பதிலுக்கு அக்கா ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? கிழித்தேன். அடுத்ததில் மரியாதை கரைபுரண்டது. ‘தெய்வ மணம் கமழும் தங்கள் இல்லத்திலிருந்து வரும் திவ்ய நறுமணம்...’ இதைப் படித்தால் அக்கா இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவார் என்று கணவர் சொன்னார். அவர் சொன்னது சரி. பவுடர் டப்பாவைத் திருப்பித் தரவில்லை என்பது வேறு விஷயம்.

சித்தப்பா மகன் நாமக்கல்லில் வக்கீல். போனில் கேட்டதும் குஷியாகிவிட்டான். பாரதிய நியாய சன்ஹிதாவில் 280-ஆம் பிரிவு இருக்கிறதாம். சுற்றுப்புறக் காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குகிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். “ஆனா அக்கா, அக்கம்பக்கத்துல பொதுவா எல்லாருக்கும் கேடுன்னு காட்டணும், ஒரு குழந்தைக்குன்னா நிக்காது” என்று அவனே கவிழ்த்தும் விட்டான். பிறகு ஆறுதலாக அமெரிக்கக் கதை சொன்னான். டெட்ராய்ட் மாநகராட்சியில் ஒரு பெண் ஊழியர், சக ஊழியரின் வாசனைத் திரவியத்தால் மூச்சு விட முடியவில்லை என்று வழக்குப் போட்டாராம். 2010-இல் ஒரு லட்சம் டாலரில் சமரசம் ஆனது. இனி வாசனை பூசி வராதீர்கள் என்று மாநகராட்சி அலுவலகங்களில் அறிவிப்பும் ஒட்டினார்கள். ஒரு லட்சம் டாலர்! இங்கே வழக்கை ஜெயித்தால் எனக்கு அதிகபட்சம் ஒரு பலாப்பழம் கிடைக்கும். அதையும் அக்காதான் கொடுத்தாக வேண்டும். தோற்றால் பொரியல் கிண்ணமும் நின்றுவிடும்.

வக்கீலின் போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கேட்க வேண்டியது மிகச் சின்னது என்று அப்போதுதான் புரிந்தது. சாம்பிராணியே கூடாது என்று கேட்கத் தேவையில்லை. காலை தூபத்தால் எண் இறங்கவில்லை. குழந்தை வீட்டிலேயே இல்லை, அவள் வருவதற்குள் கதவு திறந்திருந்து புகை போய்விடுகிறது. பிரச்சினை சாயங்காலம், அதுவும் அந்தச் சந்து. பக்தியைத் தொடக் கூடாது. அக்காவைத் தொடக் கூடாது. குழந்தை, சந்து, நேரம் மூன்றை மட்டும் தொட வேண்டும். கடைசியில் கொடுத்தது இதுதான்:

‘அக்காவுக்கு வணக்கம். குட்டிப் பாப்பா குப்புற விழுகிறாள் என்று கேள்விப்பட்டு சந்தோஷம். ஒரு உதவி கேட்கவே இதை எழுதுகிறேன். பெரியவளுக்கு ஆஸ்துமா இருப்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் புகையோ காட்டமான வாசனையோ அந்த மேல் சந்து வழியாக இறங்கி, அவள் கட்டிலில் தங்கிவிடுகிறது. அரை மணி நேரத்தில் இளைப்பு வந்துவிடுகிறது. டாக்டர் கொடுத்த மீட்டரில் ஊதி எழுதியிருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் பாருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவளுக்கு இளைப்பு வரவில்லை. உங்கள் சாம்பிராணி நல்லதா கெட்டதா என்பதல்ல, அவள் மூச்சுக்குழாய்க்கு எந்தப் புகையும் ஆகவில்லை. காலையில் எப்போதும்போல் போடுங்கள், ஒரு சிரமமும் இல்லை. மாலையில் மட்டும் பின் வாசலில் வைத்துக் காட்டிவிட்டு, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவர முடியுமா? லீவு நாளில் காலையில் போடுவதற்கு முன் ஒரு குரல் கொடுத்தால் அவளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விடுவேன். எங்கள் பக்கம் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். சந்தை அடைக்க வீட்டுக்காரரிடமும் பேசுகிறேன், செலவு எங்களுடையது. தோதுப்படவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.’

மடலைக் கொடுக்கப் பொரியல் கிண்ணத்தைத் திருப்பித் தருகிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் கேசரி, கேசரிக்குக் கீழே மடல் அல்ல. அந்த அளவுக்குத் தந்திரம் தெரியாது. பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துச் சந்து வழியாகவே பதில் வந்தது. “ஏனுங் டீச்சர், இதைச் சொல்றதுக்கு எதுக்குங் பேப்பரு? இந்தச் சந்துல ஒரு குரல் கொடுத்தா ஆவாதா? குழந்தைக்கு இப்படின்னு முன்னாடியே சொல்லிருக்கலாமுங்.”

அக்கா சம்மதித்துவிட்டார். அக்காவின் மாமியார் சம்மதிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தூபத்தை வெளியே கொண்டுபோனால் லட்சுமியும் கூடவே வெளியே போய்விடுவாள் என்பது அவர் கட்சி. பின் வாசலில் துளசி மாடம் இருக்கிறதே, துளசியும் லட்சுமிதானே என்று என் மாமியார் சந்து வழியாக எடுத்துக் கொடுத்தார். தைல பாட்டில் பறிபோன துக்கத்தில் இருந்தவர் எனக்காகப் பேசியது அன்றுதான். இரண்டு மாமியார்கள் ஒத்துப்போனால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

நாலைந்து நாள் ஏழு மணி எண் 180-க்கு மேல் நின்றது. பிறகு ஒரு நாள் 150. சாம்பிராணி வாசனையே இல்லை. மாறாக லைன் வீடு முழுக்க மல்லிகை. அந்தப் பனியில் அவ்வளவு மல்லிகை எங்கே பூத்தது? அக்கா நாமக்கல் போனபோது ரூம் ஸ்ப்ரே வாங்கி வந்திருக்கிறார். “புகை இல்லீங்களே டீச்சர்!” என்றார். காட்டமான வாசனை என்று மடலில் இருந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, “அப்ப இந்தப் பூஞ்சை நாத்தத்துக்கு நான் என்னதான் பண்றதுங்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இத்தனை நாள் சாம்பிராணி செய்த வேலையே அதுதான், நாற்றத்தின் மேல் ஒரு போர்வை. போர்வையை உருவினால் நாற்றம் எழுந்து உட்காரும். அந்த நாற்றத்தைக் கிளப்புகிற சுவர்ப்பூஞ்சையே ஆஸ்துமாவை உசுப்பும் என்பதால், எனக்கும் அதில் அக்கறை உண்டு.

அவர் வீட்டுச் சுவரைப் போய்ப் பார்த்தோம். ஷீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் வாஷர் இற்றுப்போய், மழைத் தண்ணீர் சுவரோடு வழிந்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்பு கறுப்பாகப் பூத்திருந்தது. வாஷர் மாற்ற ஆன செலவு ஒரு டப்பா ரூம் ஸ்ப்ரேயை விடக் குறைவு. பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயில் வந்த நாளில் ஜன்னலைத் திறந்து காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தார்கள். அடிக்கிற அன்று என் மகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். ஈரத்துணியை உள்ளே கொடியில் போடாமல் திண்ணைக்கு மாற்றினார்கள். சந்தை அடைக்கும் யோசனையை மட்டும் கைவிட்டோம். அதை மூடினால் இரண்டு வீட்டுக்கும் இருக்கிற ஒரே மேல் காற்றும் போய், ஓதம் இரட்டிப்பாகும் என்று கொத்தனார் சொன்னார். வீட்டுக்காரர் ‘நான்தான் சொன்னேனே’ என்பதுபோல் மீசையைத் தடவினார். ஆகவே சீரியல் இன்னும் கேட்கிறது.

பச்சைக்குழந்தையின் தலைக்குக் காட்டும் காலைச் சாம்பிராணியைப் பற்றி நான் மடலில் எழுதவில்லை, எழுதவும் உரிமையில்லை. தடுப்பூசிக்கு வந்த நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, அந்தச் சின்ன நுரையீரலுக்கும் புகை ஆகாது, துண்டால் ஒற்றி இளவெயிலில் காட்டினாலே தலை காயும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

இப்போது மாலையில் பெரும்பாலும் 180, 190. பனி கடுமையான நாளிலும், சளி பிடித்தாலும் இறங்கத்தான் செய்கிறது. தடுப்பு பம்ப் காலையும் இரவும் தொடர்கிறது. பக்கத்து வீட்டுப் புகை நின்றால் ஆஸ்துமா போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காரணம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சந்து இருந்தால், மேலே உள்ள மடலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், காப்புரிமை கேட்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் எண்களை எழுதுங்கள். எண் இல்லாத மடலைப் பக்கத்து வீட்டில் குறை என்றுதான் படிப்பார்கள். பதில் வரும் வரை நீல பம்ப்பும் ஸ்பேசரும் குழந்தைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். குழந்தை ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மடல், மாமியார், மரியாதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.